சுவாஹிலியில் "ஹுஜாம்போ" என்றால் என்ன பதில்?

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் "ஜாம்போ" என்றால் விஷயம், சங்கதி என்று பொருள். "ஹு" என்பது எதிரிலிருக்கும் ஒருவரைக் குறிக்கும் எதிர்மறை முன்னொட்டு. ஆகவே "ஹுஜாம்போ" என்பது, உங்களுக்கு ஒரு குறையும் இல்லையே என்று கேட்பதாகும். அதையே திருப்பிச் சொல்லாமல், "எனக்கு இல்லை" என்று பொருள்படும் "ஸிஜாம்போ" என்று பதில் சொல்ல வேண்டும். பலரைச் சேர்த்து "ஹம்ஜாம்போ" என்று கேட்டால் பதில் "ஹட்டுஜாம்போ"; வீட்டிலுள்ள தந்தையைப் பற்றி "பாபா ஹஜாம்போ?" என்று கேட்டால் மட்டும், அதே "ஹஜாம்போ" பதிலாகவும் வரும். சுற்றுலாப் பயணிகளிடம் உள்ளூர்க்காரர்கள் வெறும் "ஜாம்போ" என்பார்கள். தங்களுக்குள் அவர்கள் அப்படிப் பேசுவது அரிது.

"போலே" என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தான்சானியாவில் அரூஷாவிலிருந்து பகல் முழுவதும் பேருந்தில் வந்து தாருஸ்ஸலாமில் களைத்து இறங்கிய என்னிடம், வீட்டுக்கார அம்மா "போலே நா ஸஃபாரி" என்றார். அவர் எதற்கோ மன்னிப்புக் கேட்கிறார் என்றெண்ணி, பரவாயில்லை என்ற பொருளில் "ஹக்குனா ஷிடா" என்றேன், அவர் சிரித்துவிட்டார். பயணக் களைப்புக்கு அவர் தெரிவித்த பரிவு அது; அதற்கு "அஸான்ட்டே", அதாவது நன்றி, என்பதே பதில். உடல்நலமின்மைக்கோ கால் இடறியதற்கோ "போலே" என்றாலும் அப்படியே. நாம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அதற்கு "ஸமஹானி" என்ற தனிச்சொல் உண்டு.