பாலிசியில் Excl02-ஐத் தேடிப் பாருங்கள்

ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியின் பிடிஎஃப்-ஐ முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லையா, சரி, Excl01, Excl02, Excl03 என்று மட்டும் தேடிப் பாருங்கள். பாலிசி எடுத்த பிறகு எதற்கு எவ்வளவு காலம் க்ளெய்ம் கிடைக்காது என்று சொல்லும் பிரிவுகள் இவை, எந்த கம்பெனி என்றாலும் இதே எண்கள்தான். 03 என்பது பாலிசியின் முதல் 30 நாள் காத்திருப்பு, விபத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. 01 ஏற்கெனவே இருக்கும் நோய், அதிகபட்சம் 36 மாதம். 02-இல்தான் கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றின் பட்டியல் இருக்கும், பலரும் இதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே நோய் 01, 02 இரண்டிலும் வந்தால் எது நீளமோ அதுதான் கணக்கு.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் மாமா 2021-இல் 3 லட்சத்துக்கு பாலிசி எடுத்து, 2024-இல் புதுப்பிக்கும்போது 5 லட்சமாக உயர்த்தினார். 2025-இல் புதுச்சேரியில் முழங்கால் மூட்டு மாற்று, பில் 3,60,000. "அதான் அஞ்சு லட்சம் இருக்கே" என்று தைரியமாகத்தான் போனார், ஆனால் கூட்டிய 2 லட்சத்துக்கு காத்திருப்பு புதிதாகத் தொடங்கும் என்று அதே 02-க்குக் கீழேயே ஒரு வரி இருந்தது, அதனால் பழைய 3 லட்சம்தான் கிடைத்தது, மீதி 60,000 கைக்காசு. தொகையைக் கூட்டுவதென்றால் மூட்டு வலி வருவதற்கு முன்பே கூட்டிவிடுங்கள்.