என்.பி.எஸ். 9 புள்ளி இறங்கினால்: மதிப்பெண்ணையும் டிட்ராக்டர் கருத்துகளையும் படிப்பதில் நேரும் தவறுகள்

‘எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்குவதுதான் என்.பி.எஸ்., அதாவது நெட் புரமோட்டர் ஸ்கோர். ஃபிரெட் ரைக்கெல்ட் 2003இல் இதை அறிமுகப்படுத்தினார். 9, 10 தருபவர்கள் புரமோட்டர்கள். 7, 8 தருபவர்கள் பேசிவ். 0 முதல் 6 வரை தருபவர்கள் டிட்ராக்டர்கள். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் வருவதே மதிப்பெண்.

ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் காலாண்டில் 200 பேர் பதிலளித்தார்கள்: 100 புரமோட்டர், 60 பேசிவ், 40 டிட்ராக்டர். மதிப்பெண் 30. அடுத்த காலாண்டிலும் வேறு 200 பேர்: 90, 62, 48. மதிப்பெண் 21. உடனே கூட்டம் கூட்டி, ‘9 புள்ளி ஏன் விழுந்தது?’ என்று காரணம் தேடத் தொடங்குவதுதான் முதல் தவறு. அது உண்மையிலேயே விழுந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு, பதிலளிப்பவர்கள் மாறுவதாலேயே மதிப்பெண் எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்று காட்டும் பிழை எல்லையைக் கணக்கிடுங்கள்:

```
error = 196 * sqrt((P + D - (P - D)^2) / n)
```

P என்பது புரமோட்டர்களின் பங்கு, D என்பது டிட்ராக்டர்களின் பங்கு, n என்பது பதில்களின் எண்ணிக்கை. P, D இரண்டையும் 0.50, 0.20 என்று பின்னமாகப் போடுங்கள். முதல் காலாண்டுக்கு ஏறத்தாழ ±11 புள்ளி வரும், இரண்டாவதற்கும் அதே அளவுதான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தின் பிழை எல்லை ஏறக்குறைய ±15.5 (இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்). ஆக, 9 புள்ளி இறக்கம் யார் யார் பதிலளித்தார்கள் என்ற தற்செயலாலேயே வந்திருக்கலாம். பிழை எல்லையை ±3க்குக் கொண்டுவர, இதே பரவலில் சுமார் 2,600 பதில்கள் தேவை. சில நூறு பதில்களை வைத்துக்கொண்டு ஊழியர்களின் ஊக்கத்தொகையை மாதந்தோறும் என்.பி.எஸ்ஸோடு கட்டிப்போடுவது நியாயமல்ல.

இந்த மதிப்பெண் மறைத்துவிடும் இன்னொன்றும் உண்டு. ஒருவர் 0இலிருந்து 6க்கு ஏறினாலும் அவர் டிட்ராக்டர்தான், மதிப்பெண் அசையாது. 6இலிருந்து 7க்கு ஏறினால் அசையும். 30 பேர் புரமோட்டர், 70 பேர் பேசிவ் என்றாலும் 30தான். 65 புரமோட்டர், 35 டிட்ராக்டர் என்றாலும் 30தான். முன்னதில் யாருக்கும் பெரிய கோபம் இல்லை. பின்னதில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதிருப்தி. அதனால் 0–10 பரவலின் பட்டை வரைபடம் இல்லாத என்.பி.எஸ். அறிக்கையை ஏற்காதீர்கள்.

இறக்கம் தற்செயலாக இருக்கலாம் என்பதற்காகக் கருத்துகளை ஒதுக்கிவிடக் கூடாது. உண்மையில் பயன் தருபவை அவைதான். 48 டிட்ராக்டர்களில் 31 பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு காரசாரமான கருத்தைத் திரையில் காட்டி முடிவெடுப்பதும், சொற்களை எண்ணி ‘விலை’ அதிகம் வருகிறது என்று சொல்வதும் வழக்கமாக நடப்பவை. ‘விலை பரவாயில்லை, ஆனால் பொருள் வரவே இல்லை’ என்ற கருத்தும் அந்த எண்ணிக்கையில் விலைக் கணக்கிலேயே சேரும்.

மாறாக, முதல் 15 கருத்துகளை எந்த வகைப்பாடும் வைத்துக்கொள்ளாமல் படியுங்கள். அதிலிருந்து ஏழெட்டு வகைகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ஒரு கருத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி, முரண்படும் இடங்களைப் பேசித் தீர்த்து விளக்கத்தைத் திருத்த வேண்டும்.

நம் கணக்கில் தாமதம் 14 கருத்துகளிலும் விலை 9 கருத்துகளிலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்துடன் நிறுத்திவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. புரமோட்டர்களின் கருத்துகளையும் அதே வகைகளில் பிரியுங்கள். கருத்து எழுதிய 40 புரமோட்டர்களில் 12 பேர் விலையைக் குறை சொன்னால் அது 30 சதவீதம். டிட்ராக்டர்களிடம் 29 சதவீதம். விலை எல்லோருக்கும் உறுத்துகிறது, ஆனால் இருவரையும் பிரித்துக் காட்டுவது அது அல்ல. தாமதத்தையோ புரமோட்டர்களில் 4 பேர்தான் சொல்கிறார்கள்: 10 சதவீதத்துக்கு எதிராக 45 சதவீதம். கவனம் போக வேண்டிய இடம் இது.

அப்போதும் இது வாடிக்கையாளர் சொன்ன காரணம்தான். பதிலளித்தவர்களின் ஆர்டர்களை எடுத்து, தருவதாகச் சொன்ன தேதிக்கும் பொருள் சேர்ந்த தேதிக்கும் உள்ள இடைவெளியை டிட்ராக்டர், புரமோட்டர் எனப் பிரித்துப் பாருங்கள். இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், உறுத்துவது தாமதத்தை விட, எப்போது வரும் என்ற தகவல் கிடைக்காததாக இருக்கலாம். தீர்வும் வேறாகிவிடும்.

கருத்து எழுதாத 17 பேரை மறக்காதீர்கள். எழுதிய 31 பேர் அவர்களுக்கும் சேர்த்துப் பேசுவதாகக் கொள்ள முடியாது. சில நாட்களுக்குள் தொலைபேசியில் அழைத்து, ‘இந்த மதிப்பெண்ணுக்கு முக்கியக் காரணம் என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். ‘தாமதம்தான் பிரச்சினையா?’ என்று எடுத்துக்கொடுத்தால், உங்கள் ஊகமே பதிலாகத் திரும்பி வரும்.