ஒரு தாளில் இரண்டு கோடுகள்: சிகிச்சை வழிகளைக் குடும்பத்தாருக்கு விளக்கும் முறை

82 வயது அம்மா ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். இதயத்துக்கு ரத்தத்தை வெளித்தள்ளும் வலு குறைந்திருக்கிறது, சிறுநீரகமும் சுணங்கித்தான் வேலை செய்கிறது. விழுவதற்கு முன்பு வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். மகனும் மகளும் வெளியே காத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்வதா, வேண்டாமா என்று அவர்களிடம் பேசும் பொறுப்பு இன்று உங்களுடையது.

பயிற்சி மருத்துவருக்கும் செவிலியருக்கும் அடிக்கடி வரும் இந்த நிலைமையையே எடுத்துக்கொண்டு, எப்படிப் பேசுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். தேவைப்படுவது ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, உட்கார்ந்து பேச ஓர் இடம். நடைபாதையில் நின்றபடி இதைப் பேசக் கூடாது.

படி 1: வாயைத் திறப்பதற்கு முன்

முதலில் அந்த அம்மாவின் வலியைக் குறையுங்கள். இடுப்புப் பகுதி நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டால், முனகிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் தெளிவாகப் பேச ஆரம்பிப்பார். அவர் தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. பிள்ளைகள் அவர் சம்மதத்தோடு பக்கத்தில் இருப்பவர்கள். இதை மறந்துவிட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் பேசி முடிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. காது மந்தமானவர் என்றால் காதொலிக் கருவியை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். விழுந்த அதிர்ச்சியில் மனக்குழப்பம் வந்து, சொல்வது எதுவும் அவருக்குப் பிடிபடாத நிலையில்தான் குடும்பத்தார் அவர் சார்பில் பேச வேண்டும். அப்போதும் கேள்வி "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதல்ல. "அம்மாவால் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்பதே கேள்வி.

அடுத்து, எலும்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் தங்களுக்குள் பேசி ஒரே கருத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் "செய்யலாம்" என்றும் மற்றவர் "ஆபத்து" என்றும் தனித்தனியாகச் சொன்னால், அதன் பிறகு நீங்கள் வரையும் எந்தப் படமும் அவர்களுக்கு உதவாது. இந்த அறுவை சிகிச்சையை 36 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. அதனால் பேச்சை நாளைக்குத் தள்ள முடியாது, அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

படி 2: அவர்களிடமிருந்து தொடங்குங்கள்

"இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பிறகு, "போன மாதம் அம்மாவின் ஒரு நாள் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் பொன்னான தகவல்கள் இருக்கும். இவரைப் பற்றி மகள், "தானே கழிப்பறைக்குப் போவார். அதற்கு மட்டும் யார் உதவியையும் ஏற்க மாட்டார்" என்கிறார். அதைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு வரியோடு இணைத்துச் சொல்லலாம்.

அதன் பிறகு நோயின் எடையை ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "எலும்பு முறிந்ததோடு இது நிற்கவில்லை. இந்த வயதில், இந்த இதயத்தோடு, இது உயிருக்கே ஆபத்தான நோய்." பல குடும்பங்கள் இடுப்பு எலும்பு முறிவைக் கை முறிவு போல எண்ணியே வருகின்றன, தகடு வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகின்றன. உண்மையில் இப்படி விழுந்த முதியவர்களில், நல்ல சிகிச்சை கிடைத்தாலும், ஓராண்டுக்குள் 100 பேரில் 20 முதல் 30 பேர் இறந்துவிடுகிறார்கள். நோயின் எடையைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். அந்த அமைதியைப் புள்ளிவிவரத்தால் நிரப்பாதீர்கள்.

படி 3: இரண்டு கோடுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் மார்கரெட் ஷ்வார்ட்ஸ் குழுவினர் உருவாக்கிய எளிய வரைபட முறை ஒன்று இருக்கிறது. உடல் தளர்ந்த முதியவர்களுக்கு ஆபத்து மிகுந்த அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்கென்றே வந்தது. நான் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போடுங்கள். ஒன்றின் மேல் "அறுவை சிகிச்சை" என்றும், மற்றதன் மேல் "அறுவை இல்லாமல் பராமரிப்பு" என்றும் எழுதுங்கள். "எதுவும் செய்யாமல் விடுவது" என்று எழுதவே கூடாது. அந்தச் சொற்களைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்; வலி நீக்கம், படுக்கைப் பராமரிப்பு, அருகில் இருப்பது என அங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதும் மறைந்துவிடும்.

ஒவ்வொரு கோட்டின் உச்சியிலும் ஒரு நட்சத்திரம்: எல்லாம் கூடிவந்தால் நடப்பது. அடியில் ஒரு சதுரம்: மிக மோசமானால் நடப்பது. இடையில் ஒரு முட்டை வடிவம்: இவருக்குப் பெரும்பாலும் நடக்கக்கூடியது. முட்டையை எந்த உயரத்தில் போடுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் நேர்மை இருக்கிறது. மனம் வராமல் நடுவில் போட்டுவிடாதீர்கள். சதுரத்துக்கு அருகில் இருந்தால் அருகிலேயே போடுங்கள்.

வரைந்துகொண்டே கதையாகச் சொல்லுங்கள். முதல் கோட்டின் நட்சத்திரம்: "உடைந்த பந்து முனையை எடுத்துவிட்டு உலோக முனை பொருத்துவோம். மறுநாளே உட்கார வைப்போம், நிற்க வைப்போம். சில மாதங்களில் வாக்கரோடு வீட்டுக்குள் நடப்பார்." சதுரம்: "அறுவையின்போதோ அதை அடுத்த நாட்களிலோ இதயம் தாங்காமல் போகலாம். அல்லது நிமோனியா வந்து, மூச்சுக் கருவியோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, அங்கேயே இறந்துபோகலாம்." முட்டை: "பிழைப்பார். சில நாட்கள் இடம், நேரம் தெரியாமல் குழம்பக்கூடும். வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். முன்பு நடந்த அளவுக்குத் திரும்ப நடப்பவர்கள் சுமார் பாதிப் பேர்தான். கழிப்பறைக்குப் போக ஒருவர் துணை வேண்டியிருக்கலாம்."

இரண்டாவது கோட்டில் உச்சிக்கும் அடிக்கும் தூரம் குறைவு. கோட்டையே சின்னதாக, தாழ்வாகப் போடுங்கள். நட்சத்திரம்: வலி அடங்கி, படுக்கையிலும் நாற்காலியிலுமாகச் சில மாதங்கள். சதுரம்: மருந்து கொடுத்தும் அசைக்கும்போதெல்லாம் வலி, படுக்கைப்புண், நெஞ்சில் சளி கட்டிச் சில நாட்களில் மரணம். முட்டை: சில வாரங்கள், நடக்க முடியாமல், ஆனால் வலியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திய நிலையில். கோட்டின் நீளமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும்.

படி 4: ஒரே ஓர் எண்

எண்ணைக் கடைசியில்தான் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. மயக்க மருத்துவர் இவருடைய வயது, நோய்களைக் கணக்கிட்டு, அறுவைக்குப் பின் 30 நாட்களில் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளின் மறுபக்கம் பத்து வரிசையில் பத்துப் பத்தாக 100 புள்ளிகள் வையுங்கள். கீழ் வரிசையை முழுக்கக் கறுப்பாக்குங்கள். கறுப்புப் புள்ளிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிட்டால் கண்ணால் எண்ண முடியாது, சேர்த்தே வையுங்கள். "அம்மாவைப் போன்ற 100 பேருக்கு இதைச் செய்தால், ஒரு மாதத்துக்குள் 10 பேர் இறந்துவிடுவார்கள், 90 பேர் இருப்பார்கள். அம்மா எந்தப் புள்ளி என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடியாது." இரண்டு பக்கத்தையும் சொல்வது முக்கியம். "90 சதவீதம் வெற்றி" என்று மட்டும் சொன்னால் நம்பிக்கை ஊட்டுகிறீர்கள், "10 சதவீதம் மரணம்" என்று மட்டும் சொன்னால் பயமுறுத்துகிறீர்கள்.

வேறோர் ஆபத்தையும் சொல்ல நேர்ந்தால் அதையும் 100 பேரிலேயே சொல்லுங்கள். ஒன்றைப் பத்தில் ஒன்று என்றும் இன்னொன்றை இருபத்தைந்தில் ஒன்று என்றும் சொன்னால், 25 பெரிய எண்ணாகத் தெரிவதால், இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். "ஓரளவு ரிஸ்க்", "கொஞ்சம் சிக்கலான கேஸ்" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காதிலும் அவை ஒவ்வோர் அளவாக விழும்.

படி 5: திருப்பிக் கேட்பது

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது மரியாதைக்கு ஆட்டும் தலை. கேள்வியின் பாரத்தை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்: "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் உங்கள் தம்பிக்குப் போன் செய்தால், இந்த முதல் கோட்டைப் பற்றி என்ன சொல்வீர்கள்?"

ஒவ்வொரு கோடும் முடிந்ததும் கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டால் எது விடுபட்டது என்று உங்களுக்கே தெரியாது. மகன் இப்படிப் பதில் சொல்கிறார்: "ஆபரேஷன் செய்தால் 90 சதவீதம் நடந்துவிடுவார் என்று சொல்வேன்." இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும். உயிரோடு இருப்பதற்கான எண் அவர் மனத்தில் நடப்பதற்கான எண்ணாக மாறிவிட்டது. "இல்லை, தவறு" என்று வெட்டாதீர்கள். "நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லிக் குழப்பிவிட்டேன்" என்று சொல்லி, புள்ளிகளைக் காட்டுங்கள்: "இந்த 90 பேரும் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருப்பவர்கள். அவர்களில் பலருக்கு முன்புபோல நடை திரும்பாது." பிறகு மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது முறையும் தவறினால் சொன்னதையே சத்தமாகச் சொல்லிப் பயனில்லை. வேறு சொற்களில், முட்டையைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. உங்கள் வாக்கியத்தை அப்படியே எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்பவருக்கு நினைவில் நின்றிருக்கிறது, விளங்கியிருக்கிறதா என்று தெரியாது. "அப்படியானால் வீட்டில் ஆள் வைக்க வேண்டியிருக்கும், இல்லையா?" என்று கேட்பவருக்கு விளங்கிவிட்டது.

படி 6: "நீங்களே சொல்லுங்கள் டாக்டர்"

இது வந்தே தீரும். "முடிவு உங்களுடையது" என்று கையை விரிப்பது தவறு, யோசிக்காமல் பதில் சொல்வதும் தவறு. தாளின் மேல் ஓரத்தில் எழுதியதை அந்த அம்மாவிடமே படித்துக் காட்டுங்கள்: "யாருடைய உதவியும் இல்லாமல் போய்வர வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியம் என்று மகள் சொன்னார். அது முழுதாகத் திரும்பாமல் போகலாம். அப்படி ஆனாலும் இந்த முயற்சி வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" அவர் "வலி போக வேண்டும், உட்கார்ந்தாவது இருக்க வேண்டும்" என்றால், அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அந்தக் காரணத்தைச் சொல்லியே பரிந்துரையுங்கள். கூடவே, இதயம் நின்றால் என்ன செய்வது, மூச்சுக் கருவி எத்தனை நாள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

படி 7: தாள்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இதற்கெல்லாம் பிறகுதான். நோயாளியின் கோப்பில் "விளக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், யார் இருந்தார்கள், என்ன எண் சொன்னோம், அவர்கள் தங்கள் சொற்களில் என்ன திருப்பிச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். தாளைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டு, மூலத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து மூச்சு வாங்கினால், அதே தாளைக் கேட்டு வாங்கி, முட்டை இப்போது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று புதிதாக வரைந்து காட்டி, மறுபடியும் திருப்பிக் கேளுங்கள்.