மே மாத வியாபாரத்தை வைத்து வங்கிக்கு எழுதாதீர்கள்: தொழில் பின்னணிப் பத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் கடை, பேக்கரி, தங்கும் விடுதி என்று சிறு தொழில் நடத்துபவர்கள் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, திட்ட அறிக்கையை ஆடிட்டர் போட்டுக் கொடுத்துவிடுவார். மெஷினுக்கான கொட்டேஷனை விற்பவர் தந்துவிடுவார். 'விண்ணப்பதாரரின் தொழில் பின்னணி' என்ற ஒரு பத்தியைத்தான் கடைக்காரரே எழுத வேண்டியிருக்கும். ஏழெட்டு வரிதான். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அந்த வரிகளில் ஒரே தவறுகளை வருடா வருடம் செய்கிறார்கள். பான் அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்பது போன்றவற்றை வங்கியே கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லிவிடும். வங்கி சொல்லாமலே விண்ணப்பத்தை ஓரமாக வைக்கக் காரணமாகும் தவறுகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

சீசன் மாதத்தை வருடம் முழுக்க நீட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் செய்கிறார்கள். ஊட்டியில் வர்க்கி போடும் ஒரு பேக்கரிக்காரரை எடுத்துக்கொள்வோம். மாவு பிசையும் மெஷினும் புது அடுப்பும் வாங்க 6 லட்சம் கேட்கிறார். அவர் எழுதிவந்த பத்தி இப்படி இருக்கிறது:

"நான் 20 வருடங்களாக பேக்கரி தொழிலில் நீண்ட அனுபவம் பெற்றவன். எனது கடையில் மாதம் ரூ.2,80,000 வரை வியாபாரம் நடக்கிறது. கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்துவேன் என்று உறுதி கூறுகிறேன்."

2,80,000 பொய்யில்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவ்வளவு நடக்கிறது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியில் காற்றும் மழையுமாக இருக்கும்போது, அதே கடையில் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுவதில்லை. மீதி ஏழு மாதங்களில், இரண்டாம் சீசனும் டிசம்பர் விடுமுறையும் சேர்த்துச் சராசரி 1,60,000. எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 19,80,000.

வங்கி அதிகாரி முதலில் செய்வது 2,80,000-ஐ 12-ஆல் பெருக்குவது. 33,60,000 வருகிறது. அடுத்து வருமான வரிக் கணக்கைத் திறக்கிறார். அங்கே 19,80,000 இருக்கிறது. நடுவே 13,80,000 காணவில்லை. ஒன்று, வருமான வரித் துறைக்குக் குறைத்துக் காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக்குக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அதற்குப் பிறகு பத்தியில் இருக்கும் '20 வருட அனுபவம்' எடுபடாது. "சார், அது சீசன் கணக்கு" என்று விளக்க, ஃபைல் நகரும் நேரத்தில் கடைக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை.

அதிகாரி நம்பிவிட்டால் அது இன்னும் ஆபத்து. மாதம் 2,80,000 வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு, கேட்ட 6 லட்சத்துக்குப் பதிலாக 12 லட்சம் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 26,000 வரும். மழை மாதத்தில் மைதா, டால்டா, சம்பளம், வாடகை போக இந்தக் கடையில் நிற்பது 15,000. ஜூன் 5-ஆம் தேதித் தவணை நின்று, ஜூலையும் ஆகஸ்டும் நின்றால், செப்டம்பர் முதல் வாரத்தில் 90 நாள் ஆகிவிடும். 90 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன். இரண்டாம் சீசன் கூட்டம் மலையேறி வருவதற்குள் கணக்கு கெட்டுவிடும். நல்ல வியாபாரம் உள்ள கடை, மூன்று மாத மழையால் இப்படிச் சிக்கிக்கொள்கிறது.

கடைக்காரர் காட்ட விரும்புவது தன் உச்ச மாதத்தை. அதிகாரிக்குத் தெரிய வேண்டியதோ, படுத்த மாதத்தில் தவணை எங்கிருந்து வரும் என்பது. அதற்கு அந்தப் பத்தியே பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு கஷ்டமானதும் இல்லை. 6 லட்சத்துக்கு அதே வட்டியில் தவணை சுமார் 13,000. வீட்டுச் செலவு 14,000. மழை மாதத்தில் கடையில் நிற்கும் 15,000-ல் வீட்டுச் செலவு போனால் 1,000 மிச்சம். ஆக மாதம் 12,000 வீதம் மூன்று மாதத்துக்கு 36,000 குறையும். ஏப்ரல், மே மாதங்களில் கடையில் நிற்பது 62,000 வீதம். வீட்டுச் செலவும் தவணையும் போக மாதம் 35,000, இரண்டு மாதத்துக்கு 70,000 மிஞ்சுகிறது. அதில் 36,000 எடுத்துத் தனியாக வைத்தால் மழைக்காலத் தவணை தப்பாது. மற்ற மாதங்களில் 32,000 நிற்பதால் தவணைக்குச் சிக்கலில்லை.

இதையே வைத்துப் பத்தியைத் திருப்பி எழுதினால்:

"2006 முதல் 2014 வரை ஊட்டியில் ஒரு பேக்கரியில் வர்க்கி மாஸ்டராக வேலை பார்த்தேன். 2014 அக்டோபர் முதல் சொந்தமாக நடத்துகிறேன்; உத்யம் பதிவு 2021-ல் செய்தேன். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். சென்ற நிதியாண்டு விற்பனை ரூ.19,80,000. ஏப்ரல், மே மாதங்களில் மாதம் ரூ.2,80,000; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரூ.1,00,000, மற்ற மாதங்களில் சராசரி ரூ.1,60,000. 2021 செப்டம்பரில் வாங்கிய ரூ.2,00,000 தொழில் கடனை 36 தவணைகளில் 2024 ஆகஸ்டில் முடித்தேன்; மூன்று மழைக்காலத்திலும் தவணை தேதி தவறவில்லை. புதிய கடனுக்கு மழை மாதங்களில் குறையும் ரூ.36,000-ஐ மே இறுதிக்குள் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பேன்."

இதில் 'உறுதி கூறுகிறேன்' என்ற சொல் இல்லை. 'மூன்று மழைக்காலத்திலும்' என்ற இடத்தில் அதிகாரி பேனாவை நிறுத்தி, பழைய ஸ்டேட்மென்ட்டில் ஜூலை மாதத்தைப் புரட்டிப் பார்ப்பார். அங்கே தவணை போயிருந்தால் அதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை. முன்பு கடனே வாங்காதவர்கள், மழை மாதங்களிலும் தவறாமல் கட்டிய வேறு எதையாவது எழுதலாம்: கடை வாடகை, சீட்டுப் பணம், குழுக் கடன் தவணை. கணக்கு வழியாகப் போனதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

எந்த மாதம் படுக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் அடி. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும். கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பர் மழைதான் அதிகம். பக்கத்து ஊர்க்காரர் எழுதியதைப் பார்த்து மாதங்களைப் போட்டால் உங்கள் ஸ்டேட்மென்ட்டே உங்களை மறுக்கும். அதேபோல் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகு உங்கள் சீசன் விற்பனை மாறியிருந்தால், அதை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மலைக் கிளையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு அது தெரியும். கோவையிலோ மதுரையிலோ ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாமல் போகலாம்.

கல்லாவிலேயே நின்றுவிட்ட பணத்தை எழுதுவது

சீசனில் ரொக்கமாக வந்து, அப்படியே சரக்குக்கும் சம்பளத்துக்கும் போய்விட்ட பணம் எந்த ஆவணத்திலும் இருக்காது. அதைக் கூட்டி எழுதினால் மேலே சொன்ன அதே இடைவெளி விழும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் ஒரே தடவையாக இரண்டு லட்சம் ரொக்கம் கட்டி ஸ்டேட்மென்ட்டை நிரப்புவது அதைவிட மோசம். அது கைமாற்று வாங்கிக் கட்டிய பணம் என்றுதான் பார்ப்பார்கள். அடுத்த சீசனில் வாரம் இரண்டு முறை கரண்ட் அக்கவுன்ட்டில் கட்டிவந்து, அதன் பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

உத்யம் சான்றில் ஒரு வருடம், பத்தியில் வேறு வருடம்

உத்யம் பதிவே 2020 ஜூலையில்தான் வந்தது. அதனால் பல கடைகளின் சான்று தேதி, கடை தொடங்கிய தேதிக்குப் பல வருடம் பின்னால் இருக்கும். அது குற்றமில்லை. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பழைய தேதிக்கு வாடகை ஒப்பந்தமோ, நகராட்சி லைசென்ஸ் ரசீதோ வையுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த வருடங்களையும் சொந்தமாக நடத்திய வருடங்களையும் சேர்த்து '20 வருடம்' என்று ஒட்டாதீர்கள். பிரித்துச் சொன்னால் இரண்டுக்கும் மதிப்பு உண்டு. முதலாவது தொழில் தெரியும் என்பதற்கு, இரண்டாவது கல்லாவைக் காக்கத் தெரியும் என்பதற்கு.

பழைய தாமதத்தை மறைப்பது

சிபில் அறிக்கையை அதிகாரி உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார். தவணை எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாக அதில் இருக்கும். பாதிப் பணம் கட்டி முடித்த கடனுக்கு 'செட்டில்டு' என்று இருக்கும். முழுதாகக் கட்டி முடித்ததற்கு 'குளோஸ்டு'. முன்னது வங்கிக்கு நஷ்டம் வந்ததைக் காட்டும் குறிப்பு. மறந்துபோகும் இன்னொன்று, மச்சானுக்கோ நண்பருக்கோ போட்ட ஜாமீன். அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பார்த்துவிட்டு, கறை இருந்தால் எந்த மாதம், என்ன காரணம், எப்போது சரிசெய்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, நிலுவையில்லாச் சான்றை இணையுங்கள். காரணத்தை நீட்டி எழுதினால் கெஞ்சுவது போல் ஆகிவிடும்.

ஊர்ப் பெருமை, குடும்பப் பெருமை

ஊட்டி வர்க்கி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது வர்க்கியின் தகுதி. திட்ட அறிக்கையில் இருக்கட்டும். தாத்தாவின் கடைக்கு ஒரு வாக்கியம் போதும், அதுவும் லைசென்ஸ் அவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறியிருந்தால்.

'கடின உழைப்பாளி', 'நேர்மையானவர்'

எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் எழுதி வாங்குவது

தட்டச்சுக்குக் கொடுப்பதில் தவறில்லை. அங்கிருப்பவர் முந்தின ஆளுக்கு அடித்த பத்தியில் பெயரையும் தொகையையும் மாற்றித் தருவதுதான் பிரச்சினை. ஒரே கிளைக்கு ஒரே வாசகத்தோடு நாலு விண்ணப்பம் போயிருக்கும். கடன் தருவதற்கு முன் மேனேஜர் கடைக்கு நேரில் வருவார். "ஜூலையில் எவ்வளவு ஓடும்? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? போன கடன் எப்போது முடிந்தது?" என்று சாதாரணப் பேச்சு போல் கேட்பார். கையில் உங்கள் பத்தி இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அது எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உங்கள் நகலில் பென்சிலால் குறித்துவையுங்கள். குறிக்க முடியாத எண்ணை அடித்துவிட்டு, மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.