காலை ஜிம்முக்கு முன் என்ன சாப்பிடலாம் என்ற கேள்வியே தப்பு

விடியற்காலை ஐந்தரைக்கு ஜிம்முக்குப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கிளம்புவதற்கு முன் என்ன சாப்பிடலாம்? ஆனால் பெரும்பாலும் தவறு நடப்பது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில்.

சோறு, இட்லி, சப்பாத்தி என்று சாப்பிடும் மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாக மாற்றி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்கிறது. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு. தூங்கும்போது ரத்தச் சர்க்கரை இறங்காமல் காப்பது கல்லீரல் இருப்பு. விடிவதற்குள் அதில் கணிசமான பகுதி கரைந்துவிடும். தசையில் இருப்பது அவ்வளவாகக் குறையாது. தசை தன்னிடம் உள்ளதை ரத்தத்துக்குத் திருப்பித் தருவதில்லை. ஸ்குவாட் அடிக்கும்போது அதிகம் செலவாவது இந்தத் தசை இருப்புதான். காலையில் சாப்பிடும் வாழைப்பழம் ரத்தச் சர்க்கரைக்குக் கைகொடுக்கும். அரை மணி நேரத்தில் தொடைத் தசையை அது நிரப்பிவிடாது.

எடை குறைக்க நினைக்கும் 70 கிலோ ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு அவித்த முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய். காலையில் கருப்புக் காபி. அன்றைக்குக் கால் பயிற்சி. ஸ்குவாட் நன்றாகத்தான் போகும். லெக் பிரஸ்ஸுக்கு வரும்போது வழக்கமாக 12 ரெப் அடிப்பவர் எட்டிலேயே நின்றுவிடுவார். லஞ்சஸில் கால் துவண்டுவிடும். வாழைப்பழம் சேர்த்தால் தலைச்சுற்றல் குறையலாம், லெக் பிரஸ் எட்டிலேயே நிற்கும். இவருக்கு வேண்டியது ராத்திரியில் மூன்று சப்பாத்தியும் பருப்பும். மாவுச்சத்து 60 முதல் 75 கிராம் வரை கிடைக்கும். எடைக் குறைப்பு கெடக்கூடாது என்றால் சாயங்கால பஜ்ஜி, மிக்சரில் கை வைக்கலாம்.

எதில் குறை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆரம்பம் நன்றாக இருந்து, ஒரே தசைக்குச் செட் கூடக் கூட ரெப் சரிந்தால் மாவுச்சத்தைச் சந்தேகிக்கலாம். முதல் செட்டிலேயே கம்பி கனத்தால் தூக்கத்தையும் தண்ணீரையும் பாருங்கள்.

அடுத்த தவறு, “சத்தாகச் சாப்பிடுகிறேன்” என்று கிளம்பும் நேரத்தில் பாலில் ஊறிய ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிரெட் என்று இறங்குவது. உணவு நல்லதுதான், நேரம்தான் சரியில்லை. கொழுப்பும் நார்ச்சத்தும் வயிற்றிலிருந்து மெல்லத்தான் இறங்கும். வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடித்து எடை தூக்கும்போது அதெல்லாம் தொண்டைக்கு வரும். அரை மணி நேரம் இருந்தால் ஒரு வாழைப்பழமோ நான்கு பேரீச்சம்பழமோ போதும், 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. சிலருக்கு இனிப்பு சாப்பிட்ட அரை மணி, முக்கால் மணியில் பயிற்சி தொடங்கினால் படபடப்பு வரும். இன்சுலின் ஏறிய நேரத்தில் தசையும் சர்க்கரையை இழுப்பதால் இப்படி ஆகிறது. அவர்கள் அதே பழத்தை வார்ம்-அப் சமயத்தில் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

முக்கால் மணி நேரத்தில் முடியும் லேசான பயிற்சிக்கு இதெல்லாம் அவசியமே இல்லை. ஓர் ஆய்வில் மாவுச்சத்து உள்ள கெட்டியான பானத்தை ஒரு நாளும், அதே போலக் கெட்டியாக இருந்து மாவுச்சத்து இல்லாத பானத்தை இன்னொரு நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த நாளைவிட இரண்டிலுமே ஸ்குவாட் ரெப் கூடியது. ஆக, பசிக்கிற வயிறும் “சாப்பிடவில்லையே” என்கிற நினைப்புமே பாதி வேலையைக் கெடுத்துவிடும்.

பயிற்சி முடிந்த கையோடு குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிப்பது இன்னொரு வழக்கம். அதே நாள் மறுபடி கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குத்தான் அந்த அவசரம். அவர் முதல் சில மணி நேரம், மணிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் வீதம் மாவுச்சத்து எடுக்க வேண்டும். அதே தசைக்கு நாளை மறுநாள்தான் வேலை என்றால் எட்டு மணி இட்லி போதும், நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்த அளவுதான் கணக்கு. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் மாவுச்சத்துக்குக் குறைவே இல்லை, புரதம்தான் போதாது. மூன்று முட்டை சேர்த்தால் சரி. முட்டை சாப்பிடாதவர்கள் பனீரும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்க்கலாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் எடை தூக்கிப் பார்க்கக் கூடாது. முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். கடும் பயிற்சி முடிந்த உடனே மீட்டரில் அளவு கொஞ்சம் ஏறியிருப்பதும் உண்டு. அட்ரினலின் தூண்டுதலில் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதால் வருவது அது. அதைப் பார்த்து மருந்து அளவை நீங்களே கூட்டிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து அளவு சட்டென்று இறங்கவும் வாய்ப்புண்டு.