போட்டோவில் வந்த கோணல் மனைக்கு சென்ட் கணக்கு: முக்கோணமாகப் பிரித்து அளப்பது எப்படி?

ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் வரைந்த நாலு மூலை மனை. நான்கு பக்கத்திலும் அடிக் கணக்கு எழுதியிருந்தது. "பத்திரத்துல 22 சென்ட்னு இருக்கு, சரியா வருதான்னு பாத்துச் சொல்லுப்பா" என்றார். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

1. படத்திலுள்ள எண்களை வேறு தாளில் எழுதுங்கள்

மூலைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். எனக்கு வந்த அளவுகள்: அ–ஆ 120 அடி, ஆ–இ 85, இ–ஈ 100, ஈ–அ 90.

அங்குலம் இருந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள். 62 அடி 6 அங்குலம் என்பது 62.6 இல்லை, 62.5. அங்குலத்தை 12-ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும்.

2. நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு வராது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

பலரும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி எடுத்துப் பெருக்குவார்கள். 120-க்கும் 100-க்கும் சராசரி 110. 85-க்கும் 90-க்கும் 87.5. பெருக்கினால் 9,625 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 22.10 சென்ட். பத்திரத்தோடு ஒத்துப்போகிறது பாருங்கள்! ஆனால் நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. மூலை கொஞ்சம் கோணினாலும் விடை கூடுதலாகத்தான் வரும், குறைவாக ஒருநாளும் வராது. விற்கிறவருக்குப் பிடித்த கணக்கு.

நாலு குச்சிகளை மூலையில் ஆணியடித்து ஒரு சட்டம் செய்து, எதிர் மூலைகளைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். குச்சியின் நீளம் மாறாது, உள்ளே இருக்கும் இடம் மட்டும் சுருங்கும். மனையும் அப்படித்தான். முக்கோணத்தை அப்படி அமுக்க முடியாது. மூன்று பக்கம் தெரிந்தால் அதற்கு ஒரே ஒரு வடிவம்தான். அதனால்தான் முக்கோணமாகப் பிரிக்கிறோம். பிரிக்க வேண்டுமானால் அ-விலிருந்து இ வரை குறுக்கு அளவு, அதாவது மூலைவிட்டம், தெரிந்தாக வேண்டும்.

படத்தில் அது இல்லை. நான் என்ன செய்தேன்? போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 140 அடி வந்தது. அதைப் போட்டுக் கணக்கிட்டால் 21.94 சென்ட். பத்திரத்துக்கு வெகு அருகில். "சரியா இருக்கு சித்தப்பா" என்று சொல்லியும் விட்டேன்.

மறுவாரம் அவரே டேப் பிடித்து அளந்ததில் மூலைவிட்டம் 165 அடி.

காரணம் எளிது. கையால் வரைகிறவர்கள் மனை எப்படி இருந்தாலும் பெட்டி மாதிரிதான் வரைவார்கள். அதைச் சாய்வாகப் போட்டோ எடுத்தால் கோணல் இன்னும் மாறிவிடும். படத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் திரையில் அளந்து, அதில் எழுதியிருக்கும் அடியால் வகுத்துப் பாருங்கள். நாலு பக்கத்துக்கும் ஒரே விகிதம் வராவிட்டால் அந்தப் படம் அளக்க லாயக்கில்லை, எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மூலைவிட்டத்தை மண்ணில் அளப்பது

ஃபைபர் டேப்தான் என் கட்சி. போனில் சுற்றி நடந்து அளக்கும் ஜிபிஎஸ் செயலிகள் பல ஏக்கர் தோட்டத்துக்கு உத்தேசமாக உதவும். ஒரு பக்கம் 30 மீட்டர் உள்ள மனையில் மூன்று மீட்டர் தள்ளிக் காட்டினாலே பத்தில் ஒரு பங்கு போச்சு.

டேப் எட்டாவிட்டால் நடுவில் குச்சி நட்டு, இரு மூலைக்கும் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே துண்டு துண்டாக அளங்கள். கோடு வளைந்தாலோ டேப் தொய்ந்தாலோ அளவு கூடத்தான் செய்யும்.

4. கணக்கு

இப்போது இரண்டு முக்கோணங்கள்: 120, 85, 165 ஒன்று. 165, 100, 90 இன்னொன்று. மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு தருவது ஹெரான் சூத்திரம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ A2, B2, C2-வில் பக்கங்களைப் போட்டு, D2, E2, F2-வில் முறையே இவற்றை எழுதுங்கள்:

```
=(A2+B2+C2)/2
=SQRT(D2*(D2-A2)*(D2-B2)*(D2-C2))
=E2/435.6
```

முதல் முக்கோணம் 4,904.08 சதுர அடி, இரண்டாவது 3,878.90. கூட்டினால் 8,782.98 சதுர அடி. 20.16 சென்ட். 100 சென்ட் ஒரு ஏக்கர், ஆக 0.2016 ஏக்கர். பத்திரத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு சென்ட் குறைவு.

`#NUM!` என்று வந்தால் சூத்திரத்தைச் சந்தேகிக்காதீர்கள். ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிட நீளமாக இருக்கிறது, அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. பெரும்பாலும் போட்டோவில் 1-ஐ 7 என்று படித்திருப்பீர்கள்.

5. இன்னொரு மூலைவிட்டத்தால் சரிபாருங்கள்

ஒருமுறை சூடுபட்டதால் ஆ–ஈ மூலைவிட்டத்தையும் அளக்கச் சொன்னேன். 110 அடி. இப்போது முக்கோணங்கள் 120, 90, 110 மற்றும் 85, 100, 110. மொத்தம் 8,785.13 சதுர அடி, 20.17 சென்ட். இரண்டு வழியிலும் இவ்வளவு நெருக்கமாக வந்தால் அளவை நம்பலாம். அரை சென்ட் இடித்தால் ஏதோ ஒரு பக்கம் தப்பு, திரும்ப அளக்க வேண்டியதுதான்.

இது நமக்காகப் போட்டுப் பார்க்கும் கணக்கு. எல்லைத் தகராறு என்றால் முறைப்படி மனுக் கொடுத்து அரசு சர்வேயர் வந்து அளந்தால்தான் செல்லும்.

சேர்த்தது: பட்டாவில் சென்ட்டே இல்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.471 சென்ட். எங்கள் மனை 8.16 ஏர் வருகிறது. பழைய புலப்பட நகலில் எண்கள் லிங்க்ஸில் இருக்கலாம். 100 லிங்க்ஸ் 66 அடி. அப்போது அடிக்கு மாற்றாமல் அப்படியே ஹெரானில் போட்டு, 435.6-க்குப் பதில் 1,000-ஆல் வகுத்தால் நேராக சென்ட்.

மறுபடியும் சேர்த்தது: ஒருவருக்கு மனையின் ஒரு மூலை உள்ளே குழிந்திருக்கிறது, கணக்கு கூடுதலாக வருகிறது என்று எழுதினார். அவர் போட்ட மூலைவிட்டம் பக்கத்து நிலத்தின் வழியாகப் போகிறது. அந்தக் குழிந்த மூலையிலிருந்தே எதிர் மூலைக்குக் கோடு போட்டால் இரண்டு முக்கோணமும் மனைக்குள்ளேயே விழும்.