போட்டோவில் வந்த டிக்கெட்டில் யாருக்கு இடம்?

அட்டனிலிருந்து ராமேஸ்வரம் யாத்திரை போகும் நான்கு பேருக்குச் சென்னையில் எடுத்த ரயில் டிக்கெட் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தது. நால்வருக்கும் GNWL/12 முதல் 15 வரை, அதாவது காத்திருப்புப் பட்டியல். எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

அது டிக்கெட் எடுத்த நேரத்து நிலை; போட்டோவில் மாறாது. படத்தைப் பெரிதாக்கி டிக்கெட்டின் பதிவு எண்ணான 10 இலக்க PNR-ஐ எழுதி, indianrail.gov.in தளத்தில் பார்த்தேன். 1-ம் 7-ம் மங்கலாக இருந்ததால் முதல் தடவை தவறிப்போனது.

இப்போதைய நிலை: CNF/S5/33, CNF/S5/36, RAC/4, WL/1. அங்கே பெயர் இருக்காது, பயணி 1, 2 என்றுதான் வரும். அதே வரிசையில் போட்டோவிலுள்ள பெயர்களைப் பொருத்தினால், அப்பா, அம்மாவுக்கு S5 பெட்டியில் படுக்கை உறுதி. பாட்டிக்கு RAC: பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இன்னொருவருடன் பாதிப் பாதியாக உட்காரும் இடம். தம்பி இன்னும் WL, காத்திருப்புப் பட்டியலில்தான்; இடமே இல்லை.

நான்கு பேரும் WL ஆகவே இருந்திருந்தால், ரயில் புறப்படுமுன் இறுதிப் பயணிகள் பட்டியலான சார்ட் போட்டதும் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகியிருக்கும். சிலருக்கு உறுதியானால் அப்படி ஆகாது. அதனால் சார்ட் வந்த பிறகு மறுபடி பாருங்கள். படுத்தே போகவேண்டிய பாட்டிக்கு அப்பாவின் 33-ஐக் கொடுத்துவிடலாம். அது கீழ்ப் படுக்கை.